படுக்கையா, கயிறா, சேறா? 20 நிமிட உரையை ஒன்றரை நிமிடக் கதையாக்கும்போது

காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் பயிற்சி தரும் ஒரு மையம் போன மாதம் ஒரு வேலை கொடுத்தது. ஒன்றரை நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் வேண்டும். படம் பிடிக்க ஆள் இல்லை, நடிக்க ஆள் இல்லை. ஒரு குரல், கறுப்புத் திரையில் சில எழுத்து, கொஞ்சம் பின்னணி ஒலி, அவ்வளவுதான். எந்த உரையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். 2014 மே மாதம், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில், பட்டமளிப்பு விழாவில் அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் பேசியது.

உரை கிட்டத்தட்ட 20 நிமிடம். அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைப் பிரிவின் பயிற்சியில் தான் கற்ற பத்துப் பாடங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சிக் களத்திலிருந்து ஒரு துண்டு, அதன் வாலில் "உலகை மாற்ற விரும்பினால் இதைச் செய்" என்று ஒரு வரி. மேடைக்கு இந்த அமைப்பு மிகவும் பொருத்தம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு, இது எத்தனையாவது, இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

சுருக்கும்போது அதே அமைப்பு காலை வாரிவிடும். 90 விநாடியைப் பத்தால் வகுத்தால் பாடத்துக்கு ஒன்பது விநாடி. ஒன்பது விநாடியில் எந்த மனிதனும் கண்முன் வர மாட்டான், அறிவுரை மட்டும்தான் வரும். உரையின் முடிவில் மெக்ரேவனே பத்தையும் திரட்டி ஒரு பத்தியாகச் சொல்கிறார். சுருக்கம் எழுத உட்காரும் பலர் கை வைப்பது அந்தப் பத்தியில்தான், ஏற்கெனவே சுருங்கி இருக்கிறதே என்று. மொத்த உரையிலேயே கதை இல்லாத இடம் அது. ஆகவே பத்தையும் சேர்த்துச் சொல்வது என்ற வழியை நான் முதலிலேயே விட்டுவிட்டேன்.

மீதியைச் சலித்தால் பெரும்பாலானவை கதைபோலத் தோன்றும் வருணனைகள். சுறா பற்றிய பகுதி நல்ல உதாரணம். சான் கிளமென்ட்டே தீவருகே இரவில் நீந்த வேண்டும், அந்தத் தண்ணீரில் பெரிய வெள்ளைச் சுறாக்கள் உண்டு, ஒன்று பாய்ந்து வந்தால் மூக்கில் குத்து என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் சுறா வரவே இல்லை. "வந்தால்" என்பதோடு முடிந்துபோகிறது. உயரம் குறைந்தவர்கள் சேர்ந்த படகுக் குழு ஒன்று மற்ற எல்லாக் குழுக்களையும் முந்தியதைச் சொல்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனாலும் அது வாரக்கணக்கில் நடந்ததன் தொகுப்பு. இந்த நாள், இந்த நிமிடம் என்று கேமராவை நிறுத்த ஓர் இடம் கிடைக்கவில்லை. மணலில் புரண்டு எழுவது, தோற்றவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி, எல்லாமே தினமும் நடப்பவை.

கடைசியில் என் மேஜையில் மூன்று நின்றன: படுக்கை, கயிறு, சேறு.

படுக்கைதான் புகழ்பெற்றது. உரையின் முதல் பாடம். பின்னாளில் அவர் எழுதிய புத்தகத்துக்கும் அதுதான் தலைப்பு. மையத்தின் உரிமையாளரும் அதையே கேட்டார், "சார், பெட்ஷீட் மடிக்கிறது வருமே, அதை வைங்க, எல்லாருக்கும் தெரிஞ்சது" என்று. தினமும் காலையில் பயிற்சியாளர்கள் வந்து முதலில் படுக்கையைத்தான் சோதிப்பார்கள். மூலைகள் சதுரமாக இருக்க வேண்டும், விரிப்பு இழுத்துக் கட்டியதுபோல இருக்க வேண்டும், தலையணை நடுவில் இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் நாளின் முதல் வேலை முடிந்துவிட்டது, அது அடுத்த வேலைக்குத் தள்ளும் என்பது அவர் வாதம். நாள் முழுக்க மோசமாகப் போனாலும் திரும்பி வரும்போது நீ விரித்துவைத்த படுக்கை உனக்காக இருக்கும் என்ற வரி உண்மையிலேயே நல்ல வரி.

ஆனால் இதில் யாருக்கும் எதுவும் நடப்பதில்லை. ஒருவன் மடிக்க மறந்தான், அதனால் என்ன ஆயிற்று என்றுகூட இல்லை. இது ஒரு கருத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு காட்சி. ஆங்கிலத்தில் இது எடுபட்டதற்கு ஒரு காரணம், இத்தனை பெரிய அதிகாரி இத்தனை சின்ன விஷயத்தைச் சொல்கிறாரே என்ற வியப்பு. மேடையில் வெள்ளைச் சீருடையும் பதக்கங்களுமாக அவர் நிற்பதைப் பார்க்கும்போது அந்த வியப்பு தானாக வரும். முகம் இல்லாத வெறும் குரலில் அது பாதி போய்விடும். தமிழில் மீதிப் பாதியும் போய்விடும். "எழுந்ததும் படுக்கையை மடித்து வை" என்பதை நம் வீட்டில் அம்மா பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும் பையனுக்கு அட்மிரல் நினைவுக்கு வர மாட்டார், அம்மாதான் வருவார்.

இருந்தாலும் படுக்கைக்கு ஓர் இடம் உண்டு. 30 விநாடிதான் இருக்கிறது, பேச்சாளரின் காணொளித் துண்டையே பயன்படுத்த முறையான அனுமதியும் இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். கருத்துக்கு 30 விநாடி போதும். கதைக்குப் போதாது.

அடுத்தது கயிறு. தடை ஓட்டப் பாதையில் ஒரு கட்டம். ஒரு முனையில் மூன்று அடுக்கு, 30 அடி உயரக் கோபுரம். மறுமுனையில் ஓர் அடுக்குக் கோபுரம். நடுவே 200 அடி நீளக் கயிறு. எல்லோரும் கயிற்றுக்குக் கீழே தொங்கி, கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். பாதையை ஓடி முடிப்பதில் பல ஆண்டுகளாக யாரும் முறியடிக்காத ஒரு சாதனை நேரம் இருந்தது. 1977-இல் ஒரு மாணவன் கீழே தொங்காமல் கயிற்றின் மேலே ஏறிப் படுத்து, தலையை முன்னால் நீட்டிச் சறுக்கிவிட்டான். பல நிமிடம் எடுக்கும் கட்டம் பாதி நேரத்தில் முடிந்தது. சாதனையும் உடைந்தது.

இது அசல் கதை. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே செயல். தவறினால் அடிபடும், பயிற்சியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள் என்ற ஆபத்தும் இருக்கிறது. கதையின் எலும்பை மட்டும் பார்த்தால் சேற்றைவிட இதுதான் உறுதியானது என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் இதைத்தான் எழுதினேன்.

சத்தமாக வாசித்தபோதுதான் இடித்தது. கோபுரம், இன்னொரு கோபுரம், நடுவே கயிறு, வழக்கமாக எப்படிப் போவார்கள், இவன் எப்படிப் போனான் என்று படத்தைக் கேட்பவர் மனத்தில் கட்டி முடிக்கவே 35 விநாடி ஓடிவிட்டது. அதன் பிறகும், நான் வாசித்துக் காட்டிய நண்பர் கேட்டார்: "மேலே படுத்தான்னா, கால் எங்கே இருக்கும்?" கதையின் திருப்பமே உடம்பு இருக்கும் நிலையில்தான் இருக்கிறது. அது ஒரு கணம் புரியாமல் போனால் மொத்தமும் போயிற்று. வரைந்து காட்டினால் மூன்று விநாடி வேலை. குரலால் மட்டும் சொன்னால் ஒன்றரை நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே போகிறது. அனிமேஷன் செய்ய ஆள் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தடைப் பாதையில் நிஜமாகவே கயிறு ஏறப்போகும் பையன்களிடம், சொல்லிக்கொடுத்த முறையை விட்டுவிட்டுத் தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்தவனின் கதையைச் சொல்கிறோம். பட்டதாரிகள் கூட்டத்தில் அது உவமை. இவர்களிடம் அது செய்முறை விளக்கம்.

சரி, சேறு. சான் டியேகோவுக்கும் மெக்ஸிகோவின் திஹுவானாவுக்கும் இடையே ஒரு சதுப்பு நிலம். அவர் உரையின்படி, பயிற்சியின் ஒன்பதாவது வாரத்துக்கு நரக வாரம் என்று பெயர். அந்த வாரத்தின் புதன்கிழமை மாணவர்கள் படகு வலித்துக்கொண்டு அங்கே போய் 15 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அன்று சூரியன் சாயும் நேரத்தில் மெக்ரேவனின் வகுப்பு ஏதோ விதியை மீறியதாகச் சொல்லி எல்லோரையும் சேற்றுக்குள் இறக்கினார்கள். தலை மட்டும்தான் வெளியே. ஐந்து பேர் பயிற்சியை விட்டு விலகினால் மற்ற எல்லோரும் மேலே வந்துவிடலாம் என்றார்கள் பயிற்சியாளர்கள். விடிய இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சிலர் விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அப்போது ஒருவன் பாட ஆரம்பித்தான். சுருதி சேராத பாட்டு. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, வகுப்பே பாடியது. பாடினால் இன்னும் நேரம் கூடும் என்று மிரட்டியும் பாட்டு நிற்கவில்லை.

இதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் பட்டது. சேறு, குளிர், இருட்டு, பாட்டு. வயலில் இறங்கிய காலுக்குச் சேறு தெரியும். கறுப்புத் திரை இதற்குப் பின்னடைவே இல்லை, அது அந்த இரவாகிவிடுகிறது. படுக்கையும் கயிறும் கண்ணை நம்பி இருக்கின்றன, இது காதை நம்பி இருக்கிறது. ஒரு குரல் பலவாகும் இடத்தை ஒலிப்பதிவிலேயே செய்து காட்டலாம்.

அதைவிட முக்கியம் அந்த "ஐந்து பேர்". பயிற்சியாளரின் பேரத்தில் ஒரு விஷம் இருக்கிறது. விட்டுப்போகிறவன் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளவில்லை, மற்றவர்களையும் குளிரிலிருந்து காப்பாற்றுகிறான். அதாவது தோல்விக்கு அவர்கள் ஒரு தியாகச் சட்டை மாட்டிக் கொடுக்கிறார்கள். கேட்பவன் மனம் "நானாக இருந்தால்?" என்று ஒரு கணம் தடுமாறும். வேறு எந்தப் பகுதியிலும் இந்தத் தடுமாற்றம் இல்லை. நம்பிக்கை என்பதுதான் மெக்ரேவன் இந்தப் பகுதிக்குக் கொடுக்கும் பாடம். அந்தச் சொல்லை உச்சரிக்காமலே கதை அதைச் சொல்லிவிடுகிறது.

எதை எடுப்பது என்று முடிவானபின், எதை விடுவது என்பதுதான் நீண்ட வேலை. இந்தப் பகுதியில் எண்கள் நிறைய: ஒன்பதாவது வாரம், ஆறு நாள், 15 மணி, ஐந்து பேர், எட்டு மணி. கேட்பவர் இரண்டுக்கு மேல் பிடித்துக்கொள்ள மாட்டார். ஐந்தையும் எட்டையும் வைத்துக்கொண்டேன். கதையைத் தள்ளுபவை அவை இரண்டும்தான். பாடத்தின் முடிவில் வாஷிங்டன், லிங்கன், கிங், மண்டேலா, மலாலா என்று ஒரு வரிசை வருகிறது. மேடையில் குரல் ஏற அது உதவும். ஒன்றரை நிமிடத்தில் ஐந்து பெரிய பெயர் வந்தால் சேற்றில் பாடிய பெயரில்லாதவன் காணாமல் போவான். அதையும் வெட்டினேன்.

ஆறு நாள் தூக்கமே கிடையாது என்று உரையில் வருகிறது. நரக வாரத்தில் மொத்தமாகச் சில மணி நேரத் தூக்கம் கொடுப்பதுண்டு. மேடையில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். எழுத்தில் நாம் திருப்பிச் சொன்னால் அது நம்முடைய பொய்யாகிவிடும். "தூக்கம் பேருக்குத்தான்" என்று மாற்றினேன். இரண்டுக்கும் பொருந்தும், வாய்க்கும் நன்றாக வருகிறது.

கூட்டிச் சேர்க்கும் ஆசையும் பொல்லாதது. உரையின் கடைசிப் பாடம் ஒரு மணி. பயிற்சி வளாகத்தின் நடுவே பித்தளை மணி ஒன்று தொங்கும், விட்டுப்போக நினைப்பவன் அதை அடித்தால் போதும். சேற்றுக் காட்சியில் தூரத்தில் அந்த மணி தெரிவதாக வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஒரு மாலை முழுக்க அந்த ஆசையோடு மல்லுக்கட்டினேன். ஆனால் மணி இருப்பது வளாகத்தில், இவர்கள் கிடப்பது சதுப்பு நிலத்தில். இரண்டு பாடங்களை ஒட்டுவது சுருக்கம் ஆகாது, புனைவாகிவிடும். அதேபோல என்ன பாட்டு என்றும் உரையில் இல்லை. அதனால் பின்னணியில் எந்தத் தெரிந்த பாட்டும் வேண்டாம், மெட்டில்லாத முனகல் போதும் என்று ஒலிப்பதிவு செய்பவருக்குக் குறிப்பு எழுதினேன்.

தொடக்கம் பற்றி உரிமையாளரோடு ஒரு சின்ன வாக்குவாதம். 2011-இல் ஒசாமா பின்லேடன் மீதான நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் மெக்ரேவன், அதை முதல் வரியில் வைத்தால் போன் திரையைத் தள்ளும் விரல் நிற்கும் என்றார். விரல் நிற்கும், உண்மைதான். ஆனால் நின்றவர் அடுத்து அந்தக் கதையை எதிர்பார்ப்பார். சேறு வந்ததும் ஏமாந்த மாதிரி நகர்ந்துவிடுவார். கதைக்குள் இருக்கும் காட்சியையே முதல் வரியாக்கிவிட்டு, பேசியவர் யார் என்பதைக் கடைசிக்குத் தள்ளினேன். பெயர் முன்னால் வந்தால் அறிமுகம், பின்னால் வந்தால் செய்தி.

என் குரலில் நிமிடத்துக்கு 100 சொல் அளவில் போகிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும் என்பதால் ஆங்கிலக் கணக்கை இங்கே நம்பக் கூடாது, கடிகாரம் வைத்து வாசித்துத்தான் பார்க்க வேண்டும். இடைவெளிகளுக்குக் கொஞ்சம் விட்டால் 120 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். முடிவில் வந்தது இது:

"கழுத்துவரைக்கும் சேறு. தலை மட்டும்தான் வெளியே தெரியுது.

அமெரிக்கக் கடற்படையோட சீல் பயிற்சி. இந்த வாரத்துக்கு நரக வாரம்னே பேர். தூக்கம் பேருக்குத்தான்.

சூரியன் இறங்கிருச்சு. குளிர் எலும்புக்குள்ள போகுது. பயிற்சியாளர் சொல்றார்: அஞ்சே அஞ்சு பேர் பயிற்சியை விட்டுட்டுப் போங்க. மத்த எல்லாரும் மேலே வந்துரலாம்.

சுத்திப் பாத்தா, சில பேர் விட்டுடப் போறாங்கன்னு தெரியுது.

விடியறதுக்கு இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. பல்லு நடுங்குற சத்தத்துல வேற எதுவும் கேக்கல.

அப்போ ஒரு குரல். பாட்டு! சுருதியே சேரல. ஆனா உற்சாகமா பாடுறான்.

ஒரு குரல் ரெண்டாச்சு. ரெண்டு மூணாச்சு. கொஞ்ச நேரத்துல மொத்த வகுப்பும் பாடுது.

பாடினா இன்னும் நேரம் சேத்துலயே கிடப்பீங்கன்னு மிரட்டுறாங்க. பாட்டு நிக்கல.

அதே சேறுதான். அதே காத்துதான். ஆனா கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரி. விடியல் கிட்ட வந்துட்ட மாதிரி.

அந்தச் சேத்துல இருந்த ஒருத்தர் பின்னாடி அட்மிரல் ஆனார். வில்லியம் மெக்ரேவன். 2014-ல ஒரு பட்டமளிப்பு விழாவுல இதைச் சொன்னார்.

முதல்ல பாடினது யாருன்னு மட்டும் அவர் சொல்லல."

"அப்போ ஒரு குரல்" என்பதற்கு முன் இரண்டு விநாடி முழு அமைதி. வாசிப்பவர் அந்த இடத்தில் அவசரப்பட்டால் திருப்பம் செத்துவிடும். முதல் ஒலிப்பதிவில் அதுதான் நடந்தது. கேட்டுப் பார்த்தவர்களுக்குப் பாட்டு எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. பேச்சுத் தமிழில் எழுதியதும் யோசித்துத்தான். எழுத்து நடையில் "விலகிச் சென்றால் மற்றவர்கள் வெளியேறலாம்" என்று பயிற்சியாளர் சொன்னால் அறிவிப்புப் பலகை வாசிப்பதுபோல இருக்கிறது. அந்தப் பேரத்தின் இனிப்பு அதில் இல்லை.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, மறுநாள் "நேற்று என்ன கேட்டாய்?" என்று கேட்பது. படுக்கை வரைவைக் கேட்ட இருவரும் "காலையில் எழுந்து படுக்கையை மடிக்கணும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். கயிறு கேட்டவர் ஒருவன் சீக்கிரம் போய்விட்டான் என்றார், எப்படி என்பது நினைவில்லை. சேறு கேட்ட என் மைத்துனர் ஐந்து பேர், பாட்டு இரண்டையும் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் பேசியதைத் தன் சொந்த வசனமாகவே நடித்துக் காட்டினார். எட்டு மணி நேரத்தை ஆறாக்கிவிட்டார், பரவாயில்லை.

உரிமையாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் "மனம் தளராதே" என்று ஒரு வரியாவது போடுங்கள் என்றார். திரையில் உங்கள் மையத்தின் பெயர் வரும் இடத்தில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், குரலில் வேண்டாம் என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டு போனை வைக்கப் போனவர், மறுபடி கேட்டார்: "ஆமா சார், யார்தான் பாடினது?"